முகம் ஒரு படம், போஸ் ஒரு படம், வீடு ஒரு படம்: மூன்றும் கலந்துபோனால் எங்கே பார்ப்பது

காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பழைய படத்தைச் சரிசெய்து தரும் வேலைதான் முன்பு அதிகம். இப்போது வருகிறவர்கள் வேறு ஒன்று கேட்கிறார்கள். "எங்க அப்பச்சி படம் இது ஒண்ணுதான் இருக்கு, மார்பு வரைக்கும்தான். அவுக நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்க மாதிரி ஒரு படம் வேணும்." முகம் ஒரு படத்திலிருந்து, உட்காரும் விதம் இன்னொன்றிலிருந்து, வீடு மூன்றாவதிலிருந்து. மூன்றையும் கணினியில் படம் உருவாக்கும் ஏஐ மாடலுக்கு ஒரே ஓட்டத்தில் கொடுத்து ஒரு படம் எடுக்க வேண்டும்.

இதில் வரும் பழுதுகள் பெரும்பாலும் ஒரே வகைதான். ஒரு படம் தன் வேலையை விட்டுவிட்டு அடுத்த படத்தின் வேலையில் கை வைக்கும். முகப் படம் வெளிச்சத்தையும் கொண்டுவரும், போஸ் படம் தாடையைக் கொண்டுவரும், வீட்டுப் படம் சட்டைத் துணியைக் கொண்டுவரும். எது எதில் கை வைத்தது என்று கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது சுலபம். அதனால் கண்ணுக்குத் தெரியும் கோளாறை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

நான் பயன்படுத்துவது நோட் என்ற பெட்டிகளை இணைத்து வேலை செய்யும் கம்ஃபியூஐ மென்பொருள், அதில் எஸ்டிஎக்ஸ்எல் என்ற பட மாடல். முகத்துக்கும் வீட்டுக்கும் தனித்தனி ஐபி அடாப்டர், அதாவது ஒரு படத்தைக் காட்டி அதன் சாயலை வரவைக்கும் கருவி. முகத்துக்கு `PLUS FACE (portraits)`, வீட்டுக்கு `PLUS (high strength)`. போஸுக்கு, உருவத்தின் அமைப்பைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல்நெட். அதில் உடலைப் புள்ளியும் கோடுமான குச்சி உருவமாகப் பார்க்கும் ஓபன்போஸ் வகை. புதிதாக ஒரு வேலையைத் தொடங்கும்போது நான் வைக்கும் எண்கள் இவை:

```
முகம்     weight 0.75    start_at 0.2       end_at 1.0
போஸ்     strength 0.80  start_percent 0.0  end_percent 0.65
வீடு      weight 0.55    start_at 0.0       end_at 0.7
```

வெயிட், அதாவது ஒரு படம் எவ்வளவு அழுத்தமாக வேலை செய்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எப்போது தொடங்கி எப்போது விடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். மாடல் படிப்படியாகத்தான் படத்தை உருவாக்கும். படத்தின் அமைப்பு, ஆள் எங்கே, கால் எப்படி என்பதெல்லாம் முதல் சில படிகளிலேயே முடிவாகிவிடும். முகச் சாயல் கடைசிப் படிகளில்தான் உருவாகும். ஆகவே போஸ் முன்னால் வந்து முன்னாலேயே விலக வேண்டும். முகம் கொஞ்சம் தாமதமாக வந்து கடைசி வரை நிற்க வேண்டும்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை `fixed` என்று நிறுத்துங்கள். ஒருமுறை ஓட்டிப் படத்தைச் சேமியுங்கள். பிறகு முக வெயிட்டை மட்டும் 0 ஆக்கி ஓட்டுங்கள். அதைத் திருப்பி வைத்துவிட்டு, போஸை மட்டும் 0 ஆக்குங்கள். அதன்பின் வீட்டை மட்டும். மொத்தம் நான்கு படம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோளாறு எந்தப் படத்தில் மறைந்ததோ, அங்கே 0 ஆக இருந்த படம்தான் காரணம். எதிலுமே மறையவில்லை என்றால் குற்றம் எழுதிக் கொடுத்த வாசகத்திலோ மாடலிலோ இருக்கிறது.

சீட்டை நிறுத்தாமல் இதைச் செய்தால் ஒன்றும் புரியாது. சீட் மாறினாலே படம் மாறும். நான் தொடக்கத்தில் இரண்டு நாள் இப்படி வீணாக்கினேன். வெயிட்டைக் கூட்டியதால் சரியானது என்று நினைத்தது, சீட் மாறியதால் சரியானதாக இருந்தது.

## கோளாறு: முகம் வேறு யாரோ போல இருக்கிறது

### முகப் படம் சதுரமாக இருக்கிறதா?

இதுதான் செலவில்லாத காரணம், அதிகம் நடப்பதும் இதுதான். ஐபி அடாப்டருக்கு முன்னால் இருக்கும் பார்வை மாடல் 224க்கு 224 அளவுள்ள சதுரத்தை மட்டுமே பார்க்கும். உயரமான படத்தை அப்படியே கொடுத்தால் நடுச் சதுரத்தை வெட்டி எடுத்துக்கொள்ளும். மார்பளவுப் படத்தில் நடு என்றால் கழுத்தும் அங்கவஸ்திரமும்தான். நெற்றி போய்விடும். முகத்தை நீங்களே சதுரமாக வெட்டிக் கொடுங்கள். காது இரண்டும், நெற்றி மேல் கொஞ்சம் முடியும், தாடைக்குக் கீழே ஒரு விரல் இடமும் இருக்கட்டும். காதை விட்டு வெட்டினால் சாயலில் பாதி போகும்.

### போஸ் படத்தின் முகம் உள்ளே வந்துவிட்டதா?

போஸ் படத்திலிருந்து குச்சி உருவம் எடுக்கும் `DWPose Estimator` நோடில் `detect_face` என்று ஒன்று இருக்கும். அது `enable` ஆக இருந்தால் தாடைக்கோடு, புருவம், உதடு எல்லாவற்றையும் புள்ளிகளாக எடுத்து வைக்கும். அந்தப் புள்ளிகள் போஸ் கொடுத்தவருடையவை. உங்கள் தாத்தாவின் கண்ணும் மூக்கும் அந்தத் தாடைக்குள் உட்கார வேண்டியதாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு "சொந்தக்காரர் மாதிரி இருக்கு, ஆனா அவர் இல்லை" என்று தோன்றும். `disable` ஆக்குங்கள். மூக்கு, கண், காது என்ற ஐந்து புள்ளிகள் உடல் கணக்கில் எப்படியும் இருக்கும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு அவை போதும்.

போஸுக்கு ஓபன்போஸை விட்டு ஆழப்படம், அதாவது டெப்த் வகை கண்ட்ரோல்நெட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் மோசமாக நடக்கும். டெப்த் ஆளின் கன்னம், தோள் அகலம், வயிறு வரை எல்லாவற்றையும் அச்சாக எடுத்துவிடும். ஒல்லியான மனிதருக்கு போஸ் கொடுத்தவரின் தொப்பை வந்திருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

### படத்தில் முகம் எவ்வளவு பெரிது?

832க்கு 1216 அளவில் ஒரு முழு ஆளை, சுற்றிலும் தூண், தரை எல்லாம் தெரிய உட்கார வைத்தால் முகம் 110 பிக்சல் அகலம் வந்தாலே அதிகம். மாடல் உள்ளே வேலை செய்வது அதில் எட்டில் ஒரு பங்கு அளவில். அப்படியானால் ஒரு முகத்துக்கு 14 கட்டம், ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று கட்டம். அதில் சாயலை எழுதவே இடமில்லை. எவ்வளவு வெயிட் கூட்டினாலும் வராது. ஆளை நெருக்கமாகப் பிடியுங்கள், முழங்காலுக்குக் கீழே வெட்டினாலும் பரவாயில்லை. முழு ஆள்தான் வேண்டுமென்றால் ஒரே ஓட்டத்தில் முடியாது என்று ஒப்புக்கொண்டு, முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி இரண்டாம் முறை ஓட்ட வேண்டும்.

### இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் வெயிட்

0.75இலிருந்து 0.05 வீதம் ஏற்றுங்கள். 0.95க்கு மேல் நான் போனதில்லை. அதற்கு மேலே முகம் மெழுகு பூசியது போலாகும், வாய் இறுகும், பழைய படத்தின் அதே பாஸ்போர்ட் பார்வை ஒட்டிக்கொள்ளும்.

ஃபேஸ்ஐடி வகை அடாப்டர் சாயலை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது சார்ந்திருக்கும், முகத்தை அடையாளம் காணும் இன்சைட்ஃபேஸின் பயிற்சி பெற்ற மாடல்களை வணிகம் அல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். நான் காசு வாங்கிச் செய்கிறவன், அதனால் வேலைக்கு அதைத் தொடுவதில்லை. உங்கள் வீட்டுப் படத்துக்கு வேண்டுமானால் முயன்று பாருங்கள். `InsightFace: No face detected.` என்று வந்தால் முகத்தை மிக நெருக்கமாக வெட்டிவிட்டீர்கள் என்று பொருள். முகத்தைச் சுற்றி இடம் விட்டு மறுபடி வெட்டிக் கொடுங்கள்.

### கடைசி, செலவுள்ள வழி

அந்த ஒரு மனிதருக்கென்று லோரா என்ற சிறிய துணை மாடலுக்குப் பயிற்சி கொடுப்பது. அதற்கு வெவ்வேறு கோணத்தில், வெவ்வேறு வெளிச்சத்தில் 15, 20 படமாவது இருந்தால்தான் பயன். ஒரே ஒரு படத்தை வைத்துப் பயிற்சி கொடுத்தால் அந்தப் படத்தையே திருப்பித் தரும். பழைய தலைமுறைக்கு ஒரு படம்தான் இருக்கும். அவர்களுக்கு இந்த வழி இல்லை.

## கோளாறு: முகம் சரி, ஆனால் படம் முழுக்கச் சாம்பலாக இருக்கிறது, அல்லது தலை பெரிதாக இருக்கிறது

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முகப் படம் முகத்தோடு நிற்காமல் முழுப் படத்தையும் ஆள்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் அந்த நிறமின்மையையும் அடாப்டர் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டின் தேக்குத் தூண்கூட வெளிறிப்போகும். முதலில் `attn_mask` இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில்தான் அந்தப் படம் வேலை செய்யும், கறுப்பில் செய்யாது. இந்த மாஸ்க்கை எங்கே வரைவது என்று பலர் குழம்புகிறார்கள். குச்சி உருவப் படத்தின் மேலேயே வரையுங்கள். தலை எங்கே வரப்போகிறது என்பதை அதுதானே தீர்மானிக்கிறது? தலைப் புள்ளிகளைச் சுற்றி, முகத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய வட்டம், ஓரம் மங்கலாக. மாஸ்க்கின் நீள அகல விகிதம் வெளியீட்டுப் படத்தின் விகிதமாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் வட்டம் நகர்ந்து தோளில் போய் உட்காரும்.

மாஸ்க் போட்ட பிறகும் முகம் மட்டும் சாம்பலாக இருந்தால், முகப் படத்துக்கு முன்கூட்டியே லேசாக நிறம் ஏற்றிக் கொடுங்கள். நேர்த்தியாக வேண்டியதில்லை. தோல் நிறத்தை ஒரு மெல்லிய படலமாகப் பூசினாலே போதும்.

தலை பெரிதானால் `start_at`டைப் பாருங்கள். 0.0இல் தொடங்கினால், சதுரம் நிறைய முகம் இருக்கும் உங்கள் படத்தைப் பார்த்து, வெளியீட்டிலும் நெருக்கமான முகத்தையே மாடல் அமைக்கப் பார்க்கும். 0.2, போதவில்லையென்றால் 0.3.

## கோளாறு: போஸ் கேட்கவில்லை

இங்கே எங்கள் ஊர் வேலைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

வேட்டி கட்டியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்த படத்தைப் போஸுக்குக் கொடுத்தால் குச்சி உருவம் தவறாகவே வரும். முழங்கால் எங்கே, கணுக்கால் எங்கே என்று தெரியாமல் வேட்டி மூடியிருக்கும். சில சமயம் இடுப்போடு கோடு நின்றுவிடும். சில சமயம் முழங்கால் வரை வந்து கணுக்கால் புள்ளி இருக்காது. அப்படி விட்ட இடத்தை மாடல் தன் இஷ்டத்துக்கு நிரப்பும். நாற்காலியில் உட்கார வைக்கும், ஒரு காலைத் தொங்கவிடும், சிலசமயம் மூன்றாவது கால் ஒன்று வேட்டிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். பட்டுப்புடவையில் உட்கார்ந்த அம்மாக்களுக்கும் இதே கதைதான்.

குச்சி உருவத்தைக் கண்ணால் பாருங்கள். `Preview Image` போட்டுப் பார்க்காமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஆளையே அது கண்டுபிடிக்கவில்லை. அல்லது ஏற்கெனவே எடுத்த குச்சி உருவத்தையே நீங்கள் மறுபடி `DWPose Estimator`இல் கொடுத்திருக்கிறீர்கள். குச்சி உருவம் கையில் இருந்தால் அதை நேராகக் கண்ட்ரோல்நெட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

காலில் கோடு குறைந்தால் போஸ் படத்தை மாற்றுங்கள். வெயிட்டை ஏற்றாதீர்கள். இல்லாத கோட்டுக்கு வெயிட் ஏற்றி என்ன ஆகப்போகிறது? உட்காரும் ஆளுக்கு வேட்டி வேண்டாம், ஒட்டிய கால்சட்டை போதும். உடையை எழுத்தில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம், போஸ் படத்தின் உடை குச்சி உருவத்தில் வராது. கேமரா உட்கார்ந்திருப்பவரின் மார்பு உயரத்தில் இருக்கட்டும், ஆள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பட்டும். நேர் எதிரில் எடுத்தால் இரண்டு காலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இடது வலது மாறிப்போகும்.

இன்னும் கேட்கவில்லையா? கண்ட்ரோல்நெட் மாடல் பழைய எஸ்டி 1.5 பட மாடலுக்கானதா என்று பாருங்கள். எஸ்டிஎக்ஸ்எல்லோடு அது சேராது, `mat1 and mat2 shapes cannot be multiplied` என்று நின்றுவிடும். மாடல் சரியென்றால் வீட்டு அடாப்டரின் `weight_type` எதில் இருக்கிறது என்று பாருங்கள். `composition` என்று இருந்தால், அது வீட்டுப் படத்தின் அமைப்பைத் திணிக்கும், போஸ் தன் அமைப்பைத் திணிக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். `linear` ஆக்குங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் `strength`. 0.8இலிருந்து 1.0 வரை ஏற்றலாம். `end_percent`டை 0.65இலிருந்து 0.8 வரை நீட்டலாம். அதற்கு மேல் நீட்டினால் கை கால் விறைத்து மரப்பாச்சி போலாகும்.

## கோளாறு: வீடு ஆளின் மேல் ஏறுகிறது, அல்லது நம் வீடாகவே இல்லை

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பின்னணியாகக் கொடுத்தால், அந்தப் பூவும் கட்டமும் வேட்டிக்கரையிலும் சட்டையிலும் போய் உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு மாஸ்க் போடவில்லை, அல்லது மாஸ்க் தலைகீழாக இருக்கிறது. குச்சி உருவத்தைச் சுற்றி ஆளின் முழு அளவுக்குக் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. குச்சி ஒல்லி, ஆள் அகலம் என்பதை மறந்து ஒட்டி வரைந்துவிடாதீர்கள், வேட்டி விரியும் இடத்துக்கும் சேர்த்து வரையுங்கள்.

வீட்டு உள்முற்றமான வளவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அகலமாகப் பிடித்த படமென்றால், பக்கத்தூண்களெல்லாம் சதுர வெட்டில் போயிருக்கும். `Prep Image For ClipVision` நோடில் `crop_position`ஐ `pad` ஆக்கிப் பாருங்கள், அல்லது நீங்களே தூணும் தரையும் சேர்ந்த ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டுங்கள். பின்னணிப் படத்தில் ஆள் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் அவரும் வருவார்.

இதைத் தாண்டியும் "இது எங்க வீடு இல்லையே" என்று சொன்னால், அவர்கள் சொல்வது சரி. ஐபி அடாப்டர் வீட்டைப் பிரதி எடுப்பதில்லை. அந்த மாதிரி ஒரு வீட்டைக் கட்டித் தருகிறது. தேக்குத் தூண் வரும், வெள்ளைச் சுவர் வரும், ஆனால் நிலைக்கதவின் மேலே உங்கள் பாட்டன் செதுக்க வைத்த அந்த லட்சுமி வராது. கல்லின் கோலமும் பக்கத்துக்குப் பக்கம் மாறியே வரும். வெயிட்டை 0.55இலிருந்து 0.9க்கு ஏற்றினாலும் இது தீராது. அதே வீடுதான் வேண்டுமென்றால் வீட்டுப் படத்தையே அடியில் வைத்து, ஆள் உட்காரும் இடத்தை மட்டும் மாஸ்க் செய்து இன்பெயின்ட் முறையில் உருவாக்க வேண்டும். போஸும் முகமும் முன்போலவே வேலை செய்யும். வீடு மட்டும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "செட்டிநாட்டு வீடு ஒன்று போதுமா, இந்த வீடேதான் வேண்டுமா?" இந்தக் கேள்வி எனக்கு நிறைய இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

## கோளாறு: ஆள் தரையில் உட்காராமல் மிதக்கிறார்

வீட்டை நின்றபடி எடுத்திருப்பீர்கள், போஸை உட்கார்ந்தபடி எடுத்திருப்பீர்கள். இரண்டு கேமரா உயரமும் வேறு. தரை ஒரு சாய்வில் போகும், ஆள் வேறு சாய்வில் இருப்பார். வெயிட்டால் இது சரியாகாது. இரண்டில் ஒன்றை மறுபடி எடுங்கள். முடிந்தால் போஸையும் அதே திண்ணையில், அதே இடத்தில் கேமராவை வைத்தே எடுங்கள்.

## கோளாறு: நிறம் கருகி, ஓரமெல்லாம் கூர்மையாகிவிட்டது

மூன்றும் ஒரே நேரத்தில் அழுத்தமாக இருக்கின்றன. முதலில், எழுதிய வாசகத்தை மாடல் எவ்வளவு இறுக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் சிஎஃப்ஜி எண்ணை 7இலிருந்து 5க்கு இறக்குங்கள். பிறகு வீட்டை 0.1 குறையுங்கள், அதன்பின் போஸை. முகத்தில் கடைசியாகக் கை வையுங்கள்.

## ஒரு வேலை, தொடக்கம் முதல்

போன மாசி மாதம் ஓர் ஆச்சி வந்தார்கள். அப்பச்சி ரங்கூனில் இருந்தபோது அங்கே ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட மார்பளவுப் படம். நெற்றியில் மூன்று கோடு விபூதி, காதில் வைரக் கடுக்கன், ஓரம் பூஞ்சை பிடித்திருந்தது. முகப்புத் திண்ணையில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் மூன்று தவறு ஒன்றாக வந்தது. முகம் யாரோ ஒரு பெண்மணியின் சாயலில் இருந்தது, கால் ஒன்று தொங்கியது, வேட்டியில் பூக்கல். ஆச்சி பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்க அப்பச்சி இல்லையே. எங்க அத்தை மாதிரியில்ல இருக்கு" என்றார்கள்.

நான்கு படச் சோதனை செய்தேன். வீட்டை 0 ஆக்கியபோது பூக்கல் போனது, ஆகவே மாஸ்க். எடுத்துப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. போஸை 0 ஆக்கியதில் தொங்கும் கால் போய் நாற்காலியே வந்துவிட்டது. குச்சி உருவத்தைப் பார்த்தேன், வலது முழங்காலுக்குப் பிறகு கோடே இல்லை. பக்கத்துக் கடையில் வேலை செய்யும் தம்பியை ஆச்சி வீட்டுக்கே கூட்டிப்போய், டிராக் பேண்ட்டோடு திண்ணையில் உட்கார வைத்து, இடுப்பு உயர ஸ்டாண்டில் கேமராவை வைத்து எடுத்தேன். தம்பி எழுந்து போன பிறகு ஸ்டாண்டை நகர்த்தாமலே வெறும் திண்ணையையும் எடுத்துக்கொண்டேன். கால் சரியானது, மிதப்பதும் இல்லாமல் போனது.

முகம்தான் இழுத்தது. முகத்தை 0 ஆக்கினால் பெண் சாயலும் போனது. அப்படியென்றால் முகப் படத்திலேயே எதையோ மாடல் தவறாகப் படிக்கிறது. கடுக்கன்தான் என்று எனக்குப் பட்டது. காதில் பளிச்சென்று ஒளிரும் கல்லைப் பெண்ணின் அணிகலனாகவே அது எடுத்துக்கொள்கிறது. முகப் படத்தின் ஒரு பிரதியில் கடுக்கனை மட்டும் தோல் நிறத்தால் மூடினேன். விபூதியையும் மூடினேன், ஏனென்றால் வேறொரு ஓட்டத்தில் அது கட்டுத்துணி போல வந்திருந்தது. சதுரமாக வெட்டி, லேசாக நிறம் பூசி, `detect_face`டை நிறுத்தி, முகம் 0.85, போஸ் 0.85, வீடு 0.5 என்று ஓட்டினேன். அவர் வந்துவிட்டார். கடுக்கனையும் விபூதியையும் பழைய படத்தைப் பார்த்து ஃபோட்டோஷாப்பில் கையாலேயே வைத்தேன்.

ஆச்சி இரண்டாவது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "காது அவுக காதுதான்" என்றார்கள். பிறகு, "கண்ணுதான் இவ்வளவு சாந்தமா இருக்காது" என்றார்கள். அது வெயிட்டால் வரும் விஷயமில்லை.

## எங்கே நிறுத்தி, ஆளைக் கூப்பிடுவது

மேலே சொன்னவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகு, முக வெயிட்டை 0.75இலிருந்து 0.95 வரை ஒவ்வொரு படியிலும் நான்கு சீட் வீதம் ஓட்டிப் பாருங்கள். 20 படத்திலும் குடும்பத்தில் நெருங்கிய ஒருவர் "இவர்தான்" என்று ஒன்றையாவது எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பழைய படத்தில் ஒரு கண்ணோ வாயோ பூஞ்சையில் அழிந்திருந்தாலும் முதலிலேயே நிறுத்துங்கள். இல்லாத கண்ணை மாடல் கற்பனையாகத்தான் வைக்கும், அதைக் குடும்பம் உண்மை என்று மனதில் பதித்துக்கொள்ளும்.

அந்த இடத்தில் தேவைப்படுவது கையால் வரைந்து திருத்தும் ரீடச்சிங் ஆள். அவரிடம் முடிந்த படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். பழைய படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தது, போஸும் வீடும் சரியாக வந்த ஓட்டம், சாயல் நெருங்கி வந்த ஓட்டம், இந்த மூன்றையும் தனித்தனிக் கோப்பாகக் கொடுங்கள். தலை திரும்பிய கோணம் ஒன்றாக இருந்தால் அவர் பழைய படத்தின் உண்மையான கண்ணையே எடுத்துப் பொருத்திவிடுவார். ஆச்சியின் படத்துக்கு நானும் அப்படித்தான் கொடுத்தனுப்பினேன்.

பிரிண்ட் போடும்போது பின்பக்கத்தில் பென்சிலால் இது உருவாக்கிய படம் என்றும், மூலப்படம் எது என்றும், தேதியும் எழுதிவிடுகிறேன். ஆச்சியின் பேரப்பிள்ளைகள் அதை ரங்கூனிலிருந்து வந்த படம் என்று நினைத்துவிடக் கூடாது.